திருவருகைக் காலம்: டிசம்பர் 25இலிருந்து பின்னோக்கி எண்ணும் கணக்கு

கேள்வி: காரைக்குடியில் எங்கள் வளவுக்கு எதிர்வீட்டில் ஒரு கத்தோலிக்கக் குடும்பம் இருக்கிறது. டிசம்பர் முதல் வாரம் அந்த அக்காவுக்கு கிறிஸ்துமஸ் வாழ்த்து சொன்னேன். "இன்னும் வரலைம்மா, இப்ப திருவருகைக் காலம்" என்று சிரித்தார். வீட்டில் நான்கு மெழுகுவர்த்தி வைத்திருக்கிறார், அதில் ஒன்று மட்டும் ரோஸ் நிறம். இது எப்போது தொடங்குகிறது, ஏன் வருஷத்துக்கு வருஷம் தேதி மாறுகிறது? நாங்கள் பிள்ளையார் நோன்புக்கு 21 நாள் எண்ணுகிற மாதிரியா? தவக்காலமும் இதுவும் ஒன்றா? சரியாக எப்போதுதான் வாழ்த்து சொல்வது?

பதில்:

பிள்ளையார் நோன்பை வைத்தே தொடங்கலாம், ஏனென்றால் வித்தியாசம் அங்கேதான் தெளிவாகத் தெரிகிறது. நீங்கள் திருக்கார்த்திகையிலிருந்து முன்னோக்கி எண்ணுகிறீர்கள். நாளுக்கு ஓர் இழை, 21 இழை சேர்ந்ததும் நோன்பு. நாள் எண்ணிக்கை மாறாது. கிறிஸ்துமஸை எதிர்பார்த்துக் காத்திருக்கிற திருவருகைக் காலத்தில் இது தலைகீழ். முடிகிற நாள்தான் உறுதி, டிசம்பர் 25. அங்கிருந்து பின்னோக்கி நான்கு ஞாயிற்றுக்கிழமைகளை எண்ண வேண்டும். நான்காவதாக எந்த ஞாயிறு வருகிறதோ அதுதான் தொடக்கம். ஞாயிறுகள்தான் எப்போதும் நான்கு, நாட்கள் அல்ல.

டிசம்பர் 25 எந்தக் கிழமையிலும் வரலாம் என்பதால் தொடக்கத் தேதி நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் ஆடும். 2025இல் கிறிஸ்துமஸ் வியாழக்கிழமை. அதற்கு முந்திய ஞாயிறுகள் டிசம்பர் 21, 14, 7, நவம்பர் 30. ஆக நவம்பர் 30இல் தொடங்கியது. 2026இல் கிறிஸ்துமஸ் வெள்ளி, தொடக்கம் நவம்பர் 29. கிறிஸ்துமஸ் ஞாயிற்றுக்கிழமையே வந்துவிட்டால் அந்த ஞாயிறு கணக்கில் சேராது, அதற்கு முந்திய நான்கைத்தான் எடுக்க வேண்டும். 2022இல் அப்படித்தான் ஆனது. நவம்பர் 27இல் தொடங்கி முழுசாக 28 நாள். அடுத்த வருஷமே கிறிஸ்துமஸ் திங்கட்கிழமை வந்தது, டிசம்பர் 3இல்தான் தொடக்கம், மொத்தம் 22 நாள்தான். இவ்வளவுதான் மாறும், இதற்கு மேல் நீளவும் செய்யாது, குறையவும் செய்யாது. இன்னொரு குறுக்கு வழியும் உண்டு: நவம்பர் 30 புனித அந்திரேயாவின் திருநாள். அன்றைக்கோ, அதற்கு மிக அருகிலோ வருகிற ஞாயிறைப் பார்த்தால் போதும்.

இந்த ஞாயிறு இன்னொரு வகையிலும் முக்கியம். திருச்சபைக்கு வருஷப் பிறப்பே அன்றுதான், ஜனவரி 1 இல்லை. வாசக நூல்களில் அ, ஆ, இ என்று மூன்று ஆண்டுச் சுற்று இருக்கிறது. முதலாம் ஆண்டு மத்தேயு நற்செய்தி, இரண்டாம் ஆண்டு மாற்கு, மூன்றாம் ஆண்டு லூக்கா. அந்தச் சுற்று மாறுவது திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறில். இப்போது எந்த ஆண்டு என்று கண்டுபிடிக்க சுலபமான வழி: ஆண்டெண்ணை மூன்றால் வகுங்கள். மீதி வராவிட்டால் லூக்கா, ஒன்று வந்தால் மத்தேயு, இரண்டு வந்தால் மாற்கு. 2025 மீதியின்றி வகுபடும், அது லூக்கா ஆண்டு. 2026க்கு ஒன்று மீதி, அது மத்தேயு. ஆனால் அந்த 2026ஆம் ஆண்டு கோயிலுக்குள் 2025 நவம்பர் 30 அன்றே பிறந்துவிட்டது. இதை மறந்து பழைய ஆண்டின் புத்தகத்தையே வாசக மேடையில் வைத்துவிடுவது, எங்கள் மறைக்கல்வி வகுப்புக்காரர்கள் ஒவ்வொரு டிசம்பரிலும் ஒருவரை ஒருவர் எச்சரித்துக்கொள்கிற விஷயம்.

சரி, காத்திருக்கிறார்கள். எதற்காக? "குழந்தை இயேசு பிறப்பதற்காக" என்று பெரும்பாலானவர்கள் சொல்வார்கள். அது பாதிதான் சரி. முதல் ஞாயிறு நீங்கள் அந்த அக்காவோடு கோயிலுக்குப் போய் உட்கார்ந்தால் ஆச்சரியப்படுவீர்கள். குழந்தையும் இருக்காது, மாடும் இருக்காது, இடையர்களும் இருக்க மாட்டார்கள். மத்தேயு ஆண்டில் அன்று வாசிக்கிற பகுதி நோவா காலத்து வெள்ளம், திருடன் எந்த நேரத்தில் வருவான் என்று வீட்டுக்காரனுக்குத் தெரிந்தால் விழித்திருப்பானே என்கிற உவமை. மாற்கு ஆண்டில், வெளியூர் போன வீட்டுத் தலைவர் மாலையில் வருவாரோ நள்ளிரவில் வருவாரோ, காவல்காரன் தூங்கக்கூடாது என்பது. லூக்கா ஆண்டில் கதிரவனிலும் நிலாவிலும் தோன்றும் அடையாளங்கள், கடல் கொந்தளிப்பு. எல்லாமே உலக முடிவு பற்றிய பேச்சு.

காரணம், இந்தக் காலம் இரண்டு வருகைகளைப் பார்க்கிறது. ஒன்று பெத்லகேமில் நடந்துமுடிந்தது. மற்றது, கிறிஸ்து மாட்சியோடு மீண்டும் வருவார் என்று கிறிஸ்தவர்கள் நம்புகிற வருகை. தொடக்கத்திலிருந்து டிசம்பர் 16 வரை இரண்டாவது வருகையின் சாயல்தான் தூக்கலாக இருக்கும். இரண்டாம், மூன்றாம் ஞாயிறுகளில் திருமுழுக்கு யோவான் வருகிறார், மனம் மாறுங்கள், வழியைச் செம்மையாக்குங்கள் என்று பாலைநிலத்தில் நின்று கத்துகிறார். இறைவாக்கினர் எசாயாவின் நூல் பெரும்பாலான நாட்களில் வாசிக்கப்படும்.

டிசம்பர் 17 அன்று திசை மாறுகிறது. அன்றிலிருந்து 24 வரை எட்டு நாளும் பிறப்பை நோக்கியே. என்னைக் கேட்டால் திருவருகைக் காலத்தின் உயிரே இந்த எட்டு நாள்தான், ஆனால் அப்போதுதான் எல்லோரும் ஜவுளிக்கடையிலும் முறுக்குச் சட்டியிலும் மும்முரமாக இருப்பார்கள். மார்கழி டிசம்பர் 16 வாக்கில் பிறக்கிறது அல்லவா? உங்கள் தெருவில் விடியற்காலைக் கோலம் ஆரம்பிக்கிறபோதே இங்கே கோயிலில் இந்த இரண்டாம் பாதி ஆரம்பிக்கிறது என்று வைத்துக்கொண்டால் நினைவில் நிற்கும்.

இந்த எட்டு நாள் வாசகங்கள் ஒரு தொடர்கதை மாதிரி ஒழுங்காகப் போகும். 17ஆம் தேதி மத்தேயு நற்செய்தியின் முதல் பக்கம்: ஆபிரகாம் முதல் இயேசு வரை வம்ச வரிசை. 18இல் யோசேப்புக்குக் கனவு. 19இல் முதியவரான செக்கரியாவுக்கு மகன் பிறப்பான் என்ற செய்தி, அவர் நம்பாததால் பேச்சு நின்றுபோகிறது. 20இல் மரியாவுக்கு வானதூதர் சொல்லும் செய்தி. 21இல் மரியா எலிசபெத்தைப் பார்க்க மலைநாட்டுக்குப் போகிறார். 22இல் மரியாவின் புகழ்ப்பாடல். 23இல் யோவான் பிறக்கிறார். 24 காலையில் செக்கரியா வாய் திறந்து பாடுகிற பாடல். ஏதாவது ஒரு நாள் ஞாயிறாக இருந்தால் அன்று மட்டும் ஞாயிறுக்குரிய பகுதி வரும்.

17ஆம் தேதி வாசகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். முழுக்க முழுக்கப் பெயர்கள், மூன்று பதினான்கு தலைமுறை. வாசிக்கிற குருவுக்கும் நாக்கு புரளும், கேட்கிறவர்களுக்குக் கொட்டாவி வரும். ஆனால் செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. இளையாத்தங்குடியா, மாத்தூரா, வைரவன்பட்டியா என்று கோயில் கேட்டுவிட்டுத்தான் பெண் கொடுப்பதைப் பற்றியே பேச்சு தொடங்குகிற ஊர் இது. யாருடைய வழி என்பது எவ்வளவு பெரிய கேள்வி என்று உங்களுக்குத் தெரியும். மத்தேயு சொல்ல வருவது, இந்தப் பிள்ளை தாவீது அரசரின் வழி என்று. ஆனால் அந்தப் பட்டியலில் ஆண்கள் பெயருக்கு நடுவே மரியாவுக்கு முன்பே நான்கு பெண்கள் வருகிறார்கள்: தாமார், இராகாபு, ரூத்து, அப்புறம் பெயர் சொல்லாமல் 'உரியாவின் மனைவி'. வேற்றினத்தவர், ஊர் வாய்க்கு அகப்பட்டவர். பெருமைக்காக வம்சம் எழுதுகிறவர் விட்டுவிடக்கூடிய பெயர்களை அவர் வேண்டுமென்றே எழுதியிருக்கிறார். கொட்டாவி விடாமல் கேட்டால் இது தெரியும்.

இதே நாட்களில் மாலை மன்றாட்டில் ஏழு பழைய விளிப்புகள் உண்டு, 17 முதல் 23 வரை நாளுக்கு ஒன்று. ஞானமே, ஆண்டவரே, ஈசாயின் வேரே, தாவீதின் திறவுகோலே, விடியலே, மக்களினங்களின் அரசரே, இம்மானுவேலே, வாரும் என்று அழைப்பவை. லத்தீனில் இவற்றின் முதல் எழுத்துகளைக் கடைசியிலிருந்து சேர்த்தால் 'ஏரோ க்ராஸ்', அதாவது 'நாளை வருவேன்' என்று வரும். திட்டமிட்டதோ தற்செயலோ, அழகாக இருக்கிறது. குருமடங்களிலும் கன்னியர் மடங்களிலும் இது கேட்கும். பங்குக் கோயில்களில் திருப்பலியின் அல்லேலூயா வசனமாக வந்துபோகும், பெரும்பாலானவர்கள் கவனிப்பதில்லை.

இனி மெழுகுவர்த்தி. வட்டமான பச்சைத் தழை வளையத்தில் நான்கு, ஞாயிறுக்கு ஒன்றாக ஏற்றுவது. முதல் வாரம் ஒன்று, இரண்டாம் வாரம் இரண்டு என்று சேர்ந்துகொண்டே போகும். இது ஏதோ ஆதிகாலத்துச் சடங்கு என்று நினைக்கிறவர்கள் உண்டு. கத்தோலிக்க வழக்கமாகத் தொடங்கியதும் அல்ல. 1839இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் யோஹன் ஹின்ரிச் விஹெர்ன் என்கிற லூத்தரன் போதகர், ஆதரவற்ற பிள்ளைகளுக்கான இல்லத்தை நடத்திவந்தார். கிறிஸ்துமஸுக்கு இன்னும் எத்தனை நாள் என்று பிள்ளைகள் நச்சரிக்க, ஒரு பழைய வண்டிச் சக்கரத்தில் சிறிய சிவப்பு மெழுகுவர்த்திகளையும் நான்கு பெரிய வெள்ளை மெழுகுவர்த்திகளையும் நிறுத்தினார். வார நாளுக்குச் சிறியது, ஞாயிறுக்குப் பெரியது. அந்த ஆண்டுக் கணக்கையும் போட்டுப் பாருங்கள்: 1839இல் கிறிஸ்துமஸ் புதன்கிழமை, ஆகவே தொடக்கம் டிசம்பர் 1, மொத்தம் 24 நாள். நான்கு ஞாயிறு போக 20 வார நாள். வருஷத்துக்கு வருஷம் சிறியவற்றின் எண்ணிக்கை மாறும், பெரியவை மாறாது. பின்னால் வீடுகளுக்குப் பரவியபோது சிறியவை போய்விட்டன, நான்கு மட்டும் நின்றன. கத்தோலிக்கரும் எடுத்துக்கொண்டு தங்கள் திருவுடை நிறங்களையே மெழுகுவர்த்திக்கும் கொடுத்துவிட்டார்கள்.

ரோஸ் நிறம் அங்கிருந்துதான் வருகிறது. திருவருகைக் காலம் முழுக்கக் குருவின் உடை ஊதா. ஆனால் மூன்றாம் ஞாயிறு மட்டும் ரோஸ் உடுத்தலாம். அன்றைய திருப்பலியின் தொடக்க வரி பவுல் பிலிப்பியருக்கு எழுதிய கடிதத்திலிருந்து வருகிறது, ஆண்டவரில் மகிழுங்கள் என்பது அதன் சாரம். அதனால் அதற்கு மகிழ்ச்சி ஞாயிறு என்றே பெயர். முற்காலத்தில் இந்தக் காலமும் கடும் நோன்புக் காலமாக இருந்தது. ஐந்தாம் நூற்றாண்டில் இன்றைய பிரான்ஸ் பகுதியில் நவம்பர் 11, புனித மார்ட்டின் திருநாளிலிருந்து கிறிஸ்துமஸ் வரை வாரத்துக்கு மூன்று நாள் நோன்பு இருந்தார்கள். நோன்பின் நடுவே கொஞ்சம் இளைப்பாற ஒரு ஞாயிறு. நோன்பு போய்விட்டது, இளைப்பாறல் தங்கிவிட்டது. ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்திலும் இதேபோல நான்காம் ஞாயிறு உண்டு. வருஷத்தில் ரோஸ் உடை வெளியே வருவது இந்த இரண்டு நாள்தான்.

'உடுத்தலாம்' என்றுதான் சொன்னேன், 'உடுத்த வேண்டும்' என்று சொல்லவில்லை. இரண்டு நாளுக்காக ஒரு பட்டுடை தைக்க எல்லாப் பங்குக்கும் முடியாது. சிவகங்கை மறைமாவட்டத்துக் கிராமக் கோயில் ஒன்றில் மூன்றாம் ஞாயிறும் ஊதாவே பார்த்தால் அது தவறில்லை. அதேபோல நான்கு மெழுகுவர்த்திக்கும் நம்பிக்கை, அமைதி, மகிழ்ச்சி, அன்பு என்று பெயர் சொல்வார்கள். வேறு வரிசை சொல்கிறவர்களும் உண்டு. வழிபாட்டு நூல் எதுவும் இதைக் கட்டளையாக விதிக்கவில்லை, பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வசதி, அவ்வளவுதான். ஆனால் ரோஸை முதல் வாரமே ஏற்றிவிட்டால் மட்டும் கணக்கு குழம்பும். இரண்டு ஊதா, அப்புறம் ரோஸ், கடைசியில் மீதமுள்ள ஊதா.

தவக்காலமும் இதுவும் ஒன்றா என்று கேட்டிருந்தீர்கள். ஊதா நிறத்தைப் பார்த்து அப்படித் தோன்றுவது இயல்பு. கோயிலுக்குள் உட்கார்ந்து வேறுபாட்டைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம். இரண்டு காலங்களிலும் ஞாயிறு திருப்பலியில் 'உன்னதங்களிலே' என்று தொடங்கும் வானவர் கீதம் இருக்காது. பெத்லகேமில் வானதூதர்கள் பாடியது அது, பிறப்பு இரவன்று மணி ஒலிக்கப் பாடுவதற்காக அதை வைத்திருக்கிறார்கள். ஆனால் அல்லேலூயா? தவக்காலத்தில் அதுவும் நின்றுவிடும், திருவருகைக் காலத்தில் தொடர்ந்து ஒலிக்கும். அல்லேலூயா கேட்டால் இது துக்கக் காலம் அல்ல என்று முடிவு செய்துகொள்ளலாம். பூ வைப்பார்கள், ஆனால் அளவாக. இசைக்கருவி வாசிப்பார்கள், அதுவும் அளவாக. தவக்காலத்தில் பீடத்தில் பூவே வைப்பதில்லை.

சாப்பாட்டிலும் இந்த வேறுபாடு தெரியும். தவக்காலம் வந்தால் 40 நாளும் கறி மீன் தொடாத குடும்பங்கள் நம் பக்கம் நிறைய. திருவருகைக் காலத்துக்கு அப்படி ஒரு விதி லத்தீன் வழிபாட்டு முறையில் இன்று இல்லை, அந்த அக்கா வீட்டில் ஞாயிறன்று கோழிக் குழம்பு மணந்தால் அவர் எதையும் மீறவில்லை. ஆனால் கேரளத்து சீரோ மலபார் திருச்சபைக்காரர் யாராவது உங்களுக்குப் பழக்கமென்றால், அவர்கள் டிசம்பர் 1 முதல் 25 நாள் நோன்பு இருப்பார்கள். அது அவர்களுடைய கிழக்கத்திய மரபு.

டிசம்பர் 8 அன்று போய்ப் பார்த்து "ஊதா என்றார்களே, வெள்ளையாக இருக்கிறதே, வானவர் கீதமும் பாடுகிறார்களே" என்று குழம்ப வேண்டாம். அன்று அமல உற்பவ அன்னை பெருவிழா, அதற்குத் தனி நிறம், தனிப் பாடல். அந்தத் தேதியே ஞாயிறானால் பொது விதிப்படி விழா திங்களுக்குத் தள்ளிப்போகும், ஏனென்றால் திருவருகைக் கால ஞாயிறை எதுவும் இடம்பெயர்க்கக்கூடாது. 2024இல் அப்படி டிசம்பர் 9க்குப் போனது.

கல்யாணத்தைப் பற்றியும் கேட்பார்கள். இந்தக் காலத்தில் கத்தோலிக்கக் கோயிலில் கல்யாணம் கூடவே கூடாது என்று சட்டம் இல்லை. 1917 சட்டத் தொகுப்பில் ஆடம்பர ஆசீருக்குத் தடை இருந்தது. 1983 தொகுப்பில் அது இல்லை. காலத்தின் தன்மையை மணமக்கள் மனத்தில் வைக்க வேண்டும் என்பதோடு சரி. ஆனாலும் நம் பக்கத்து வழக்கத்தில் வைக்க மாட்டார்கள். இங்கே கார்த்திகை முகூர்த்தத்தில் உங்கள் வீடுகளில் மேளம் கேட்கும்போது கிறிஸ்தவ வீடுகள் அமைதியாக இருக்கும், மார்கழி பிறந்ததும் இரு பக்கமும் அமைதி, தை பிறந்தால் இரு பக்கமும் மேளம்.

தெருவில் நீங்கள் பார்க்கிற குழப்பத்துக்கும் காரணம் சொல்லிவிடுகிறேன். டிசம்பர் முதல் தேதியே ஸ்டார் தொங்குகிறது, பாடகர் குழு வீடு வீடாக கேரல் பாடிக்கொண்டு வருகிறது, அதே நேரம் அக்கா "இன்னும் வரலை" என்கிறார். சிஎஸ்ஐ, லூத்தரன் சபைகளும் இதே நான்கு ஞாயிறுகளைக் கடைப்பிடிக்கிறார்கள், ஆனால் கேரல் பவனியும் அதே வாரங்களில் நடக்கும். பெந்தகோஸ்து சபைகள் பெரும்பாலும் இந்தக் கால வரிசையையே பின்பற்றுவதில்லை. கத்தோலிக்கர்களிலும் முதல் ஞாயிறே பிறப்புப் பாட்டை எடுத்துவிடும் பாடகர் குழு உண்டு. அது சரியல்ல என்பது என் கட்சி. பிறந்துவிட்டார் என்று மூன்று வாரம் பாடிவிட்டு, 24 இரவு பாட என்ன மிச்சம்? குடில் கட்டுவதில் தவறில்லை, பிள்ளைகளுக்கு வைக்கோல் பரப்பவும் களிமண்ணில் மலை செய்யவும் நாள் வேண்டும். ஆனால் குழந்தை உருவத்தை மட்டும் 24 இரவு வரை அலமாரியில் வைத்திருப்பதே பழைய வழக்கம். காலித் தொட்டில் இருக்கிற குடிலைப் பார்த்தால், குழந்தை தொலைந்துவிட்டதா என்று கேட்டுவிடாதீர்கள்.

இந்த ஒழுங்கு எங்கே இறுகிப் பிடிக்கும் என்பதற்கு 2023 நல்ல உதாரணம். கிறிஸ்துமஸ் திங்கட்கிழமை, ஆகவே டிசம்பர் 24 ஞாயிறு நான்காம் ஞாயிறு. காலையில் ஊதா உடை, நான்காவது மெழுகுவர்த்தி, மரியாவுக்கு வானதூதர் சொன்ன செய்தி, வானவர் கீதம் இல்லை. மாலை ஆனதும் கிறிஸ்து பிறப்பு விழிப்பு, இரவில் வெள்ளையுடை, வானவர் கீதம், குடிலில் குழந்தை. நான்காம் வாரம் என்பது ஒரு பகல்கூட முழுசாக இல்லை. கோயிலை அலங்கரிக்கிறவர்கள் பாடுதான் திண்டாட்டம். சனிக்கிழமையே சீரியல் விளக்கும் பலூனும் கட்டிவிட்டால் காலைப் பூசை பார்க்கவே பொருத்தமில்லாமல் இருக்கும். மதியத்துக்குமேல் தொடங்கினால் இரவுக்குள் முடியுமா என்ற கவலை. நடைமுறையில் விளக்குகளை முன்பே கட்டி எரியவிடாமல் வைத்திருந்து, பீடத்துப் பூவை மட்டும் மதியத்துக்குப் பிறகு மாற்றுவதே நல்ல வழி. ஞாயிறு காலைப் பூசைக்கு வந்தாயிற்று, இரவுப் பூசையும் அதிலேயே அடங்கிவிட்டது என்று சிலர் நினைத்தார்கள். அப்படி அல்ல, ஞாயிறுக்கு ஒன்று, பெருவிழாவுக்கு ஒன்று, இரண்டும் தனித்தனிக் கடமை. 2028இல் இதே நிலை மறுபடி வரும்.

மற்ற காலங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வருஷம் முழுக்க இரண்டு முளைகளில் கட்டப்பட்டிருக்கிறது. கிறிஸ்து பிறப்புக்குத் தேதி நிலை, கிழமை ஆடும். உயிர்ப்புக்குக் கிழமை நிலை, தேதி ஆடும், ஏனென்றால் மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்போ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு அது. பிறப்புக் காலம் முடிந்ததும் கொஞ்ச நாள் பொதுக்காலம், நிறம் பச்சை. திருநீற்றுப் புதனில் தவக்காலம். 2026இல் அது பிப்ரவரி 18, உயிர்ப்பு ஞாயிறு ஏப்ரல் 5. அங்கிருந்து பெந்தகோஸ்து திருநாள் வரை 50 நாள் வெள்ளை, பெந்தகோஸ்து அன்று சிவப்பு. பிறகு மீண்டும் நீண்ட பொதுக்காலம், நவம்பர் கடைசியில் கிறிஸ்து அரசர் பெருவிழாவோடு வருஷம் முடியும். அந்த விழா 1925இல் பதினோராம் பயஸ் திருத்தந்தை ஏற்படுத்தியது, பழையது அல்ல. நடுவே மறைசாட்சிகளின் நாட்களில் சிவப்பு வரும். பிப்ரவரி 4 அன்று ஓரியூருக்குப் போனால் அதைப் பார்க்கலாம், 1693இல் அங்கே கொல்லப்பட்ட அருளானந்தரின் திருநாள்.

இப்போது வாழ்த்து. அந்த அக்காவின் கணக்குப்படி, டிசம்பர் 24 மாலையிலிருந்துதான் கிறிஸ்துமஸ் தொடங்குகிறது, 25ஆம் தேதியோடு முடிந்தும் போவதில்லை. மூன்று ராஜாக்கள் திருநாளைத் தாண்டி, ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை பிறப்புக் காலம். இந்தியாவில் மூன்று ராஜாக்கள் திருநாளை ஜனவரி 2க்கும் 8க்கும் இடையிலான ஞாயிறில் கொண்டாடுகிறோம், அதனால் திருமுழுக்கு விழா எவ்வளவு தள்ளிப்போனாலும் ஜனவரி 13ஐத் தாண்டாது. பொங்கலுக்கு முன்பு அது எப்போதும் முடிந்துவிடும். 2026இல் ஜனவரி 11. அதுவரை எந்த நாள் போய் வாழ்த்து சொன்னாலும் அவருக்குச் சந்தோஷம்தான். டிசம்பர் முதல் வாரத்தில் ஏதாவது சொல்லியே ஆக வேண்டுமென்றால் "இந்த வருஷம் 25 என்ன கிழமை அக்கா?" என்று கேளுங்கள். எண்ணிக்கை முழுவதையும் அவரே விரல் விட்டுச் சொல்லிவிடுவார்.